கூன் முதுகு, முன்னால் நீளும் தலை: நிமிர்த்த முடியுமா?

பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு மேல்முதுகு வளைந்திருக்கிறது. எலும்பே அப்படி வளர்ந்துவிட்டதா, இல்லை சரியாகுமா?

வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். குப்புறப் படுக்க வைத்து, நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்கச் சொல்லிப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். வளைவு நிமிர்ந்துவிட்டால் அது பெரும்பாலும் உட்காரும் பழக்கத்தால் வந்தது, பயிற்சியில் நன்றாகவே குறையும்.

அப்புறம், முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லுங்கள். முதுகு சீரான வில் போலத் தெரிந்தால் கவலை குறைவு. ஓரிடம் மட்டும் கூர்மையாகப் புடைத்து, படுத்தாலும் தட்டையாகவில்லை என்றால் ஷாயர்மன் கூனாக இருக்கலாம். பதின்ம வயதில் முதுகெலும்புகளின் முன்பக்கம் குறைவாக வளர்ந்து, எலும்பே ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும் நிலை இது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரியும். வளர்ச்சி முடிவதற்குள் எலும்பு மருத்துவரைப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் பிரேஸ் பலன் தருவது அந்தக் காலத்தில்தான்.

சுவரோடு ஒட்டி நின்றால் என் தலைக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி இருக்கிறது. முதுகு நெகிழ்வாகத்தான் இருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

மோவாயை உள்ளிழுக்கும் பயிற்சியில் தொடங்குங்கள். பார்வை நேராக இருக்க, தலையை அப்படியே பின்னால் நகர்த்தி 5 விநாடி நிறுத்துங்கள், 10 முறை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: தலையைப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாக மோவாயைத் தூக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பின்கழுத்து இன்னும் இறுகும். சரியாகச் செய்தால் பின்மண்டைக்குக் கீழே இழுவை தெரியும்.

கழுத்தை மட்டும் திருத்தினால் போதாது. மேல்முதுகு வளைந்திருக்கும்வரை, நேரே பார்ப்பதற்காகத் தலை முன்னால் வந்தே தீரும். அதனால் துண்டைச் சுருட்டித் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து, இரண்டு நிமிடம் மல்லாந்து படுங்கள். வாரம் மூன்று நாள் ரப்பர் பேண்டை நெஞ்சை நோக்கி இழுக்கும் பயிற்சியும் செய்யுங்கள். இரண்டு, மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே சுவரில் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள்.

முதுகு பெல்ட் வாங்கலாமா?

நான் பரிந்துரைப்பதில்லை. போட்டிருக்கும் நேரத்தில் நினைவூட்டும், அவ்வளவுதான். தசைக்கு வலு கூடாது.

பயிற்சி செய்தும் என் மகள் நோட்டில் முகம் புதைத்தபடியேதான் எழுதுகிறாள். ஏன்?

முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கிட்டப்பார்வை கூடியிருந்தால் எவ்வளவு அதட்டினாலும் நோட்டுக்கு அருகில்தான் போவாள். கண் சரியாக இருந்தால் மேசையைப் பாருங்கள். தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்து எழுதினால் குனியாமல் முடியாது. மேசையில் முழங்கை ஊன்றும் உயரம் இருக்கட்டும், புத்தகம் சாய்வாக நிற்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். கை மரத்துப்போனாலோ, இரவில் வலியால் விழித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.