கறாரான மேனேஜர் யார், தாராளமானவர் யார்: காலிப்ரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்வது

கேள்வி: "அப்ரைசல் ரெக்கார்டில் இருந்து ஒவ்வொரு மேனேஜரும் போட்ட ரேட்டிங்கைப் பிரித்தெடுத்து, ரொம்ப தாராளமாகப் போடுபவர், ரொம்ப கறாராகப் போடுபவர் யாரென்று காலிப்ரேஷன் மீட்டிங்குக்கு முன்பே சொல்ல முடியுமா? ஆவரேஜ் பார்த்தால் போதாதா?"

முடியும். ஆனால் ஆவரேஜ் போதாது, கணக்குப் போடுவதற்கு முன்னால் ஃபைலில் எந்த நெடுவரிசையை எடுக்கிறீர்கள் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் மேலாளர் "திங்கட்கிழமைக்குள் ஒரு ரிப்போர்ட் கொடு" என்று சொல்லியிருப்பார், நீங்கள் எக்செலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். சென்னையில் ஒரு ஐடி கம்பெனி, ஒரு டெலிவரி யூனிட், சுமார் 400 பேர், 40 மேனேஜர்கள். ரேட்டிங் 1 முதல் 5 வரை. மார்ச் 31-இல் ஆண்டு முடிந்தது, ஏப்ரல் 20-இல் மேனேஜர் ரேட்டிங் லாக் ஆனது, மே நடுவில், எல்லா மேனேஜரின் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் காலிப்ரேஷன்.

யூனிட் முழுக்க எடுத்தால் 4, 5 வாங்கியவர்கள் 35 சதவீதம், 3 வாங்கியவர்கள் 50, 1 அல்லது 2 வாங்கியவர்கள் 15. மேனேஜர் ஐடியை வரிசையிலும் ரேட்டிங்கை நெடுவரிசையிலும் வைத்து ஒரு பிவட் போட்டேன். ஒரு பெயர் கண்ணில் குத்தியது. ஒரு மேடம், 14 பேர் டீம், அதில் 8 பேருக்கு 2. யூனிட் விகிதப்படி பார்த்தால் இரண்டு பேர் வந்திருக்க வேண்டும். மஞ்சள் பூசி, "கறார்" என்று எழுதி, ஸ்லைடிலும் ஏற்றிவிட்டேன்.

மீட்டிங்கில் டெலிவரி ஹெட் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க டீம்ல பாதிப் பேருக்கு மேல வேலையே தெரியாதா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திருப்பி வைத்து, "சார், இதுல ஆறு பேர் மே 1-ஆம் தேதிதான் என்கிட்ட வந்தாங்க. ஃபார்ம்ல யார் சைன் பண்ணியிருக்காங்கன்னு பாருங்க" என்றார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். ரேட்டிங் ஃபைலில் மேனேஜர் பெயர் இல்லை என்று எம்ப்ளாயி மாஸ்டரில் இருந்து லுக்கப் போட்டு இழுத்திருந்தேன். மாஸ்டரில் இருப்பது இன்றைய மேனேஜர். நான் எக்ஸ்போர்ட் எடுத்தது மே 6. இடையில் டீம்களை மாற்றி அமைத்திருந்தார்கள். எடுக்க வேண்டியது அப்ரைசல் ஃபார்மின் ஒர்க்ஃப்ளோவில் அந்த ரேட்டிங்கை சப்மிட் செய்தவரின் ஐடி. அது வேறொரு ரிப்போர்ட்டில் இருந்தது, தேடாதது என் தப்பு.

திரும்பிப் போய் சரியான ஐடியோடு ஓட்டினேன். மேடம் உண்மையில் ரேட்டிங் போட்டது 8 பேருக்கு, அதில் 2 பேருக்குத்தான் 2. அது எந்த டீமிலும் சாதாரணமாக நடக்கக்கூடியது. சுவாரசியம் மறுபக்கத்தில். அந்த ஆறு பேரையும் அனுப்பிய மேனேஜர் என் முதல் பட்டியலில் 9 பேரோடு, ஒரே ஒரு 2-ஓடு, உத்தமராக உட்கார்ந்திருந்தார். அவர் நிஜத்தில் 15 பேருக்குப் போட்டிருந்தார், அதில் 7 பேருக்கு 2. குறைவாகப் போட்ட ஏழு பேரில் ஆறு பேரைத் தள்ளிவிட்டிருக்கிறார். டீம் மாற்றம் வந்தால் மேனேஜர்கள் முதலில் விடுவிப்பது யாரை என்று யோசித்தால், இன்றைய மேனேஜரை வைத்துப் போடும் கணக்கு ஏன் குற்றவாளியை விட்டு அப்பாவியைப் பிடிக்கிறது என்று புரியும்.

அதோடு இன்னொரு நெடுவரிசையையும் கவனிக்க வேண்டும். சில சிஸ்டங்களில் "ஃபைனல் ரேட்டிங்" என்று இருப்பது போன சுற்றில் நார்மலைஸ் செய்த பிறகு வந்த எண். அதை எடுத்தால் எல்லா மேனேஜரும் ஒரே மாதிரித் தெரிவார்கள், ஏனென்றால் ஏற்கெனவே தட்டி நேராக்கியாகிவிட்டது. மேனேஜர் முதலில் சப்மிட் செய்த எண்தான் வேண்டும். புதிதாகச் சேர்ந்து ரேட்டிங் இல்லாதவர்களை சிஸ்டம் 0 என்றோ தானாகவே 3 என்றோ வைத்திருக்கும், அவர்களையும் முதலில் கழித்துவிடுங்கள்.

சரி, ஆவரேஜ் ஏன் வேண்டாம்? பாதிப் பேருக்கு 5, பாதிப் பேருக்கு 2 போட்டவரின் ஆவரேஜ் 3.5. எங்கள் யூனிட் ஆவரேஜ் 3.25. பார்த்தால் நல்ல பிள்ளை. எல்லோருக்கும் 3 போட்டுத் தப்பிக்கும் மேனேஜரும் அப்படியே ஒளிந்துகொள்வார். அதனால் மேல்பக்கம் எத்தனை பேர், கீழ்ப்பக்கம் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். எண்ணிக்கை தற்செயலாக வரக்கூடியதா என்பதை எக்செலே சொல்லும். B-யில் அந்த மேனேஜர் ரேட்டிங் போட்ட மொத்தப் பேர், C-யில் 1 அல்லது 2 வாங்கியவர்கள், H1-இல் யூனிட் விகிதம் (எங்களுக்கு 0.15):

```
=1-BINOM.DIST(C2-1, B2, $H$1, TRUE)
```

வரும் எண் எவ்வளவு சின்னதோ, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பும் அவ்வளவு குறைவு. 15-க்கு 7 என்று போட்டவருக்கு இது 0.004-க்கும் கீழே வந்தது. மேடத்தின் 8-க்கு 2 என்பதற்கு 0.34. C-யில் 0 இருந்தால் #NUM! என்று காட்டும், அந்தப் பக்கத்துக்கு அந்த வரியை விட்டுவிடலாம், ஆனால் இரண்டு பக்கமும் 0 என்றால் அவர்தான் எல்லோருக்கும் 3 போட்டவர். 4, 5 வாங்கியவர்களுக்கும் இதே கணக்கைத் தனியாக ஓட்ட வேண்டும், அங்கே விகிதம் 0.35.

எல்லையை 0.05-இல் வைக்காதீர்கள். 40 மேனேஜர் இருந்தால், யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே ஒவ்வொரு பக்கத்திலும் சராசரியாக இரண்டு பேர் வரை சிக்கலாம். நான் 0.01 வைக்கிறேன். எட்டுப் பேருக்குக் குறைவான டீமைத் தொடுவதே இல்லை. நாலு பேர் டீமில் மூன்று பேருக்கு 4 என்பது பார்க்கத் தாராளமாகத் தெரியும், ஆனால் எங்கள் விகிதத்தில் எட்டு டீமில் ஒரு டீமுக்குச் சும்மாவே அப்படி வரும்.

"நல்ல டீமாக இருந்தால் நல்ல ரேட்டிங் வரத்தானே செய்யும்?" என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள், தெரியும். வரும். இந்தக் கணக்கு மேனேஜர் தாராளமானவரா, டீம் நல்ல டீமா என்று பிரித்துச் சொல்லாது. சீனியர்கள் அதிகமுள்ள டீமில் மேல் ரேட்டிங் கூடும் என்பதால் கிரேடு வாரியாக விகிதம் எடுத்து ஒப்பிடலாம். அதைவிட எனக்குக் கைகொடுத்தது, மேனேஜர் மாறியவர்களின் இரண்டு வருட ரேட்டிங். ஒருவரிடமிருந்து வெளியே போன ஐந்தாறு பேருக்கும் அடுத்த வருடம் வேறு வேறு மேனேஜரிடம் ரேட்டிங் இறங்கினால், அப்போது பேசலாம். நான் கட்டாய பெல் கர்வுக்கு வக்காலத்து வாங்கவில்லை, மைக்ரோசாஃப்ட்டே 2013-இல் அதைத் தூக்கிப்போட்டுவிட்டது. பட்டியல் கேள்வி கேட்பதற்கு மட்டும், ரேட்டிங்கைக் குறைப்பதற்கு அல்ல.

இப்போதெல்லாம் மீட்டிங்குக்கு மூன்று நாள் முன்பே அந்தந்த மேனேஜருக்கு அவருடைய வரியை மட்டும் அனுப்பி, "இந்தப் பெயர்களுக்கு நீங்கள்தான் போட்டீர்களா?" என்று கேட்டுவிடுகிறேன். அந்த மேடம் எனக்கு ஒரு வருடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். எல்லோருடைய ரேட்டிங்கையும் நான் சலிக்கிறேன், எனக்கு நாலு வருடமாக 3. எங்கள் எச்ஆர் டீமில் ஆறே பேர், நான் வைத்த எட்டுப் பேர் விதிப்படி எங்கள் மேனேஜர் பட்டியலிலேயே வரமாட்டார்.