மாண்டேஜ், கட்: எது எது?

"ரெண்டு ஷாட்டை ஒட்டினாலே மாண்டேஜ்தானே? அப்புறம் கட் என்பது என்ன?"

சினிமாவில் கேமரா நிற்காமல் ஒரே ஓட்டத்தில் எடுத்த துண்டுதான் ஷாட். கட் என்பது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், அவ்வளவுதான். தனித்தனி ஷாட்டில் இல்லாத அர்த்தம், அடுக்கிய விதத்தால் பிறந்தால் அது மாண்டேஜ்.

சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தில் கப்பலின் பீரங்கி முழங்கியதும் மூன்று கல் சிங்கங்கள் வரும்: தூங்குவது, தலை தூக்குவது, எழுந்திருப்பது. மூன்றும் வேறு வேறு சிலைகள். நமக்கோ ஒரே சிங்கம் சீறி எழுவதாகத் தெரிகிறது; மக்களின் கோபமாகவும் படுகிறது.

நம்மூர் 'மாண்டேஜ் பாட்டு' உங்களைக் குழப்பியிருக்கலாம். அங்கே காலத்தைச் சுருக்குவதுதான் வேலை. அந்தப் பொருளும் புழக்கத்தில் உள்ளதே.

சந்தேகம் வந்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள். சிங்கங்களைத் தலைகீழாக அடுக்கினால் எழுச்சி அடங்கிப்போகும். ஒருவர் கதவைத் திறந்து நுழைகிற சாதாரணக் கட் என்றால், வரிசை மாறினாலும் தொடர்ச்சி மட்டுமே குலையும். ஆனால் இரண்டும் கலந்த காட்சிகளில் இந்தச் சோதனை தெளிவான பதில் தராது.