கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில்: நேர்காணலின் முதல் நிமிடம்

"டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். போன மாதம் ஒரு இன்டர்வியூவில் கதவைத் திறந்ததுமே 'குட் மார்னிங் சார்' என்று சொன்னேன். உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருவரும் நிமிரவில்லை. மறுபடி சொல்வதா, உட்காருவதா என்று தெரியாமல் நின்றேன். அதன் பிறகு எதுவுமே சரியாக வரவில்லை. அடுத்த வாரம் கோயம்புத்தூரில் இன்னொரு இன்டர்வியூ. உள்ளே நுழைவதிலிருந்து வணக்கம் சொல்வது வரை எதை எப்போது செய்ய வேண்டும்?"
- ஒரு வாசகர், கரூர்

அவர்கள் நிமிராததற்கு நீங்கள் காரணம் இல்லை. பல வருடங்களாக மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தவன் என்ற முறையில், அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு முன்னால் போனவர் வெளியே வந்ததும், அவருக்கான மதிப்பெண் தாளை நிரப்பியாக வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த ஆளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். ஆகவே நீங்கள் கதவைத் திறக்கும்போது ஒருவர் முந்தைய ஆளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார். இன்னொருவர் கட்டுக்குள் உங்கள் பயோடேட்டாவைத் தேடிக்கொண்டிருப்பார். பல சமயம் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார். மூன்றாமவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கதவருகிலிருந்து சொல்லும் வணக்கம் யார் காதிலும் ஏறாது.

அதனால் வணக்கத்தை நாற்காலி வரை கொண்டுபோங்கள். கதவருகில் கேட்க வேண்டியது அனுமதி மட்டும்தான். இரண்டு தட்டு தட்டி, ஓர் ஆள் அகலத்துக்குக் கதவைத் திறந்து, "மே ஐ கம் இன், சார்?" என்று கேளுங்கள். 'எஸ்' என்ற பதிலோ, ஒரு தலையசைப்போ போதும். உதவியாளரே கதவைத் திறந்து உங்களை அனுப்பினால் இந்தக் கேள்வியும் தேவையில்லை, நேராக உள்ளே போகலாம்.

அப்புறம் கதவு. கைப்பிடியைப் பிடித்தபடி சத்தமில்லாமல் மூடுங்கள். அதற்காக ஒரு நொடி முதுகைக் காட்டித் திரும்புவதில் தவறே இல்லை. திரும்பக் கூடாது என்று நினைத்துப் பின்னங்கையால் தள்ளுகிறவர்களின் கதவுதான் படாரென்று அடிக்கும். மேலே தானாக மூடும் கருவி மாட்டிய கதவென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

கதவிலிருந்து நாற்காலிக்கு நாலைந்து அடி இருக்கும். இந்த இடத்தில்தான் அநேகம் பேர் சொதப்புகிறார்கள். நடந்துகொண்டே வணக்கம் சொல்லி, சொல்லிக்கொண்டே ஃபைலைத் திறந்து, திறந்துகொண்டே நாற்காலியை இழுப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நடை மட்டும். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நில்லுங்கள். யாராவது ஒருவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கும் வரை காத்திருங்கள். இரண்டு மூன்று நொடிதான் ஆகும். உங்களுக்கு நீளமாகத் தெரியும், எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நிமிர்ந்தவரைப் பார்த்து வணக்கத்தைத் தொடங்கி, மற்ற இருவர் பக்கமும் பார்வையைக் கொண்டுபோய் முடியுங்கள். ஆளுக்கு ஒரு வணக்கம் வேண்டாம். பெண் ஒருவர் இருந்தால் "குட் மார்னிங் மேடம், குட் மார்னிங் சார்" என்று இரண்டாகச் சொல்லுங்கள். வெறும் 'சார்' என்று முடித்தால், மேசையில் இருக்கும் மேடத்தை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று ஆகிவிடும். பெரும்பாலும் மதிப்பெண் தாள் அவர் கையில்தான் இருக்கும்.

நேரத்தையும் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுவது நம் ஊரில் சாதாரணம். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த 'குட் மார்னிங்' அப்படியே வாயில் வந்துவிடும். பன்னிரண்டு தாண்டினால் 'குட் ஆஃப்டர்நூன்'. மாலை எவ்வளவு நேரமானாலும் 'குட் ஈவினிங்' தான். 'குட் நைட்' விடைபெறும்போது சொல்வது. அவர்கள் தமிழில் வரவேற்றால் தயங்காமல் 'வணக்கம்' என்று சொல்லுங்கள்.

கை குலுக்கல் அவர்கள் கையில். நீட்டினால் குலுக்குங்கள், நீட்டாவிட்டால் நீங்களாக மேசைக்குக் குறுக்கே கையை நீட்ட வேண்டாம். இதற்காகவே ஃபைலை இடது கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். வலது கையில் ஃபைல் இருந்தால், கை மாற்றும்போதுதான் சான்றிதழ்கள் நழுவிக் கீழே விழும். கை வியர்க்கும் என்றால் வெளியே காத்திருக்கும்போதே கைக்குட்டையில் துடைத்துவிடுங்கள்.

வணக்கத்துக்குப் பிறகு "உட்காருங்கள்" என்பார்கள். "தேங்க் யூ" சொல்லி, நாற்காலியைத் தரையில் தேய்க்காமல் லேசாகத் தூக்கி நகர்த்தி, முதுகு சாயும்படி முழுதாக உட்காருங்கள். விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தால் குரலும் அந்தரத்தில் நிற்கும். பை இருந்தால் காலடியில், ஃபைல் மடியில். அவர்கள் மேசை மேல் எதையும் வைக்க வேண்டாம். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்களா? நடப்பதுதான், அவமதிப்பு இல்லை. பேனா எழுதி நிற்கும் வரை பொறுத்து, "மே ஐ சிட், சார்?" என்று ஒரே தடவை கேளுங்கள்.

உங்களுக்கு நடந்ததையே இப்போது திருப்பிப் பார்ப்போம். கதவில் சொல்லிவிட்டீர்கள், யாரும் நிமிரவில்லை. அதே இடத்தில் மறுபடி சத்தமாகச் சொல்லாதீர்கள். கதவை மூடி, நடந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, முதலில் நிமிர்கிறவரிடம் சாதாரணக் குரலில் வணக்கம் சொல்லுங்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் உங்கள் முதல் வணக்கம். கதவில் சொன்னது அவர்கள் நினைவிலேயே இருக்காது.

முதல் நிமிடத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள் என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு நடந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட நேர்காணல்களை வைத்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் நிமிடத்துக்குள் முடிவெடுத்ததாகச் சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். முதல் 15 நிமிடத்துக்குள் என்று பார்த்தால் சுமார் 60 சதவீதம். என் அனுபவமும் இதுதான். கதவில் தடுமாறிய எத்தனையோ பேரை நான் வேலைக்கு எடுத்திருக்கிறேன். உங்களுக்கு நஷ்டம் செய்தது அந்த வணக்கம் அல்ல. அதையே நினைத்துக்கொண்டு அடுத்த பத்து நிமிடக் கேள்விகளுக்குப் பதில் சொன்னதுதான்.

உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் மதிப்பெண்ணுக்கானது இல்லை. "எந்த ஊர்?", "பஸ்ஸிலா வந்தீங்க?" என்று கேட்பார்கள். பயோடேட்டாவைப் பார்த்து முடிக்க அவர்களுக்கு அரை நிமிடம் வேண்டும், அதற்காகத்தான். அங்கேயே அப்பா பெயர், பள்ளி, பொழுதுபோக்கு என்று தொடங்கிவிடாதீர்கள். "கரூர் சார். காலையில் பஸ்ஸில் வந்தேன், இடம் கண்டுபிடிக்கச் சிரமமில்லை" என்று சொல்லி நிறுத்துங்கள். அவர் காகிதத்திலிருந்து தலை தூக்கி, "சரி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். அங்கிருந்து உங்கள் நேரம்.