வலது பக்கத்தை மறைத்த பிறகும் சார்ட் விடையைச் சொல்லிக்கொடுக்கிறதா?

கேள்வி: பழைய சார்ட்டைத் திறந்தால் எங்கே வாங்கியிருக்க வேண்டும், எங்கே விற்றிருக்க வேண்டும் என்று பளிச்சென்று தெரிகிறது. நேரடிச் சந்தையில் அதே முறை கைகொடுப்பதில்லை. வலது பக்கத்தை மறைத்து, ஒவ்வொரு கேண்டிலாகத் திறந்து பழகச் சொன்னார்கள். அதையும் செய்தேன், முடிவு நன்றாகவே வந்தது. ஆனால் நேரடியில் மறுபடி பழைய கதைதான். எங்கே தவறுகிறேன்?

பதில்: மறைத்தது சரி. ஆனால் முழுதாக மறையவில்லை என்றே நினைக்கிறேன். விடை தெரிந்த பிறகு அது தெரியாததுபோல யோசிப்பது மனித மனத்துக்கு அநேகமாக முடியாத காரியம். பாருக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-இல் இதைச் சோதித்துக் காட்டினார். 1814-இல் பிரிட்டிஷ் படைக்கும் கூர்க்காக்களுக்கும் இடையே நடந்த மோதலைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு மட்டும் முடிவு இன்னது என்று சொல்லிவிட்டார். முடிவைக் கேட்டவர்கள், அந்த முடிவு நடக்க வாய்ப்பு அதிகம் என்று மதிப்பிட்டார்கள். ‘முடிவு தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்’ என்று கேட்டபோதும் மதிப்பீடு அந்தப் பக்கமே சாய்ந்தது. மன உறுதி இதற்கு மருந்தில்லை. விடை கண்ணில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சார்ட்டில் இந்தப் பிழை எங்கே பணமாக மாறுகிறது என்பதை ஒரு டபுள் பாட்டம் வைத்துப் பார்ப்போம், அதாவது ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு பள்ளங்கள் விழுந்து விலை ஏறும் வடிவம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. விலை 240-லிருந்து சரிந்து 200-ஐத் தொடுகிறது, 216 வரை ஏறுகிறது, திரும்ப இறங்கி வருகிறது. முழு சார்ட்டைப் பார்ப்பவர் கண்ணுக்கு, இரண்டாவது பள்ளத்திலிருந்து விலை 230 வரை ஏறியது தெரியும். அவர் பென்சிலை 202-இல் வைத்து ‘இங்கே வாங்கி, வாலுக்குக் கீழே 198.5-இல் ஸ்டாப் வைத்தால் போதும், விலை அங்கே இறங்கினால் விற்று வெளியேறிவிடலாம்’ என்பார். ரிஸ்க் 3.5, லாபம் 28. எட்டு மடங்கு.

இப்போது மறைத்துவிட்டு, ஒரு நாளுக்கு ஒரு கேண்டிலாகத் திறப்போம். விதி இதுதான்: இரண்டாவது பள்ளம் முதல் பள்ளத்துக்கு ஒரு சதவீதத்துக்குள் மேலோ கீழோ இருக்க வேண்டும், அந்தப் பள்ளத்தின் கேண்டிலுடைய உச்சத்துக்கு மேல் ஒரு கேண்டில் முடிய வேண்டும், அடுத்த நாள் தொடக்க விலையில் வாங்க வேண்டும்.

முதல் கேண்டில்: உச்சம் 207, தாழ்வு 201, முடிவு 202. பள்ளமா இல்லையா என்று இந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. நாளை 194-க்குப் போனால் இது இறக்கத்தின் நடுவில் வந்த இன்னொரு நாள். விதிப்படி ஒன்றும் செய்வதற்கில்லை. அவசரப்பட்டு 202-இல் வாங்குபவர், தெரிந்த ஒரே பள்ளமான 200-க்குச் சற்றுக் கீழே, 199.5-இல் ஸ்டாப் வைப்பார். வேறெங்கே வைக்க முடியும்? 199 வரை நீளப்போகும் வால் இன்னும் உருவாகவே இல்லையே.

இரண்டாவது கேண்டில்: உச்சம் 205, தாழ்வு 201.5, முடிவு 204. விதி நிறைவேறவில்லை.

மூன்றாவது கேண்டில்: 204-இல் தொடங்கி, நடுவில் 199 வரை இறங்கி, உச்சம் 206 தொட்டு, 205-இல் முடிகிறது. முழு சார்ட்டில் இது அழகான நீண்ட வால். இறக்கத்தைத் தாங்கும் மட்டமான சப்போர்ட்டிலிருந்து எகிறியதற்கு அத்தாட்சி. நடக்கும்போது இது சப்போர்ட் உடைந்த நேரம். 202-இல் வாங்கியவர் 2.5 இழந்து வெளியே நிற்கிறார்.

நான்காவது கேண்டில்: உச்சம் 209, முடிவு 208.5. மூன்றாவது கேண்டிலின் உச்சமான 206-க்கு மேல் முடிந்துவிட்டது. விதிப்படி இதுதான் சிக்னல். மறுநாள் விலை இடைவெளி விட்டு 210-இல் தொடங்குகிறது, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் விலை. ஸ்டாப் 198.5. ரிஸ்க் 11.5, 230 வரை போனால் லாபம் 20. இரண்டு மடங்குகூட இல்லை. நடுவில் விலை 203 வரை திரும்பி வந்தால் அதையும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

எட்டு மடங்குக்கும் 1.7 மடங்குக்கும் உள்ள இந்த இடைவெளிதான் பின்பார்வை தரும் பொய்க் கணக்கு. முறை தவறு என்று சொல்லவில்லை, 1.7 மடங்கு கிடைக்கும் முறை, பாதிக்குப் பாதி ஜெயித்தாலே லாபம்தான். ஆனால் எட்டு மடங்கை எதிர்பார்த்து இறங்குபவர், நேரடியில் 210-இல் வாங்கத் தயங்குவார், அல்லது 202-இலேயே வாங்கி அடிவாங்குவார். பள்ளம் என்பது பின்னால் வரும் கேண்டில்கள் உறுதிசெய்த பிறகே பள்ளமாகிறது. அந்த உறுதி கிடைக்கும்போது விலை ஏற்கெனவே நகர்ந்திருக்கும். இந்தத் தாமதத்தின் விலையை அளப்பதற்குத்தான் மறைத்துப் பழகுகிறோம்.

இனி உங்கள் பயிற்சி எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். அட்டையை வைத்து மறைத்தீர்களானால் முதல் சந்தேகம் விலை அச்சின் மேல். மென்பொருள் திரையில் உள்ள எல்லாக் கேண்டில்களையும் அடக்கும்படி செங்குத்து அளவைத் தானாக அமைக்கிறது, அட்டைக்குப் பின்னால் இருப்பவற்றையும் சேர்த்து. கடைசியாகத் தெரியும் கேண்டில் திரையின் அடிப்பகுதியில் இருந்து, மேலே பாதித் திரை காலியாகக் கிடந்தால், விலை ஏறப்போகிறது என்று சார்ட்டே சொல்லிவிட்டது. நீங்கள் அதைக் கவனித்ததாகக்கூட உணர மாட்டீர்கள். ‘ஏனோ இங்கே வாங்கத் தோன்றியது’ என்று மட்டும் இருக்கும். எதிர்காலக் கேண்டில்களைத் திரையில் வரையவே வரையாத ரீப்ளே வசதியில் இந்தச் சிக்கல் குறையும்.

ரீப்ளேயிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று இண்டிகேட்டர். ஜிக்ஜாக் போன்றவை பின்னால் வரும் விலையைப் பார்த்துப் பழைய கோட்டை மாற்றி வரைபவை. தினசரி சார்ட்டில் வாராந்தரக் கோட்டைப் போட்டால், சில அமைப்புகளில் திங்கட்கிழமை கேண்டிலிலேயே அந்த வார முடிவின் மதிப்பு வந்து உட்கார்ந்திருக்கும். சோதிப்பது சுலபம்: ஒரு கேண்டிலில் நிறுத்தி, இண்டிகேட்டரின் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக் கேண்டில் தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள். அதே கேண்டிலில் மதிப்பு மாறியிருந்தால் அதைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்களே. எந்தச் சார்ட், எந்தத் தேதி என்று தெரிந்து தொடங்கினால் மறைத்ததற்கு அர்த்தமில்லை. 2020 பிப்ரவரி என்று அச்சில் கண்டவுடன் மார்ச்சில் என்ன நடந்தது என்பது நினைவுக்கு வந்துவிடும், அதன் பிறகு எடுக்கும் ‘விற்கலாம்’ என்ற முடிவுக்கு மதிப்பே இல்லை. நன்றாக ஓடிய பங்கு என்று தெரிந்து அதைத் தேர்ந்தெடுப்பதும் இதே தவறுதான். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். பெயரையும் தேதியையும் மறைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முதல் கேண்டிலின் விலையை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றிவிட்டால், விலையைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதும் நின்றுவிடும். தனியாகச் செய்பவர் தொடக்கத் தேதியைக் குலுக்கல் முறையில் எடுங்கள். சுவாரசியமான இடம் வரும்வரை நகர்த்திப் போகாதீர்கள். ஒருமுறை ஓட்டிய சார்ட்டை மறுபடி கணக்கில் சேர்க்கவும் கூடாது.

அடுத்த கேண்டிலைத் திறக்கும் முன் எழுத வேண்டும். வாங்குகிறேன், விற்கிறேன், சும்மா இருக்கிறேன் என்ற மூன்றில் ஒன்று. விலை, ஸ்டாப், வெளியேறும் விதி. கூடவே ஸ்டாப்புக்கு முன் இலக்கு வரும் என்பதற்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்ற உங்கள் மதிப்பீடு. பேனாவால் எழுதுங்கள், திருத்தாதீர்கள். ‘சும்மா இருக்கிறேன்’ என்பதை எழுதாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அப்படி விட்டால், பின்னால் ஏறிய இடங்களில் எல்லாம் ‘இங்கே வாங்கத்தான் நினைத்தேன்’ என்று மனம் சொல்லும், மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது.

சதவீதம் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பது, நாற்பது முடிவுகள் சேர்ந்ததும், ‘70 சதவீதம்’ என்று எழுதியவற்றை மட்டும் பிரித்து எண்ணுங்கள். அவற்றில் பாதிகூடப் பலிக்கவில்லையென்றால் உங்கள் உறுதி மிகை. மாறாக, ரீப்ளேயில் 70 சரியாக 70 ஆகவே வந்து, நேரடியில் 45 ஆக விழுந்தால், மேலே சொன்ன ஓட்டைகளில் ஒன்று இன்னும் திறந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எண்ணிக்கை விஷயத்தில் பொறுமை வேண்டும். 30 முறையில் 12 வெற்றி என்றால் 40 சதவீதம். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மையான விகிதம் ஏறக்குறைய 22-லிருந்து 58 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதை வைத்து விதியை மாற்றாதீர்கள். மாற்றினால், பார்த்து முடித்த சார்ட்டுகளுக்குப் பொருந்தும்படி விதியைச் செதுக்கியதாகிவிடும். பின்பார்வை இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், புது விதியை இதுவரை பார்க்காத சார்ட்டுகளில் முதலிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கு எழுதும்போது இரண்டு கடுமையான வழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேண்டிலுக்குள் ஸ்டாப்பும் இலக்கும் இரண்டுமே வந்தால், எது முதலில் வந்தது என்று அந்தக் கேண்டில் சொல்லாது. ஸ்டாப் முதலில் அடிபட்டதாகவே எழுதுங்கள். விலை இடைவெளி விட்டு ஸ்டாப்புக்குக் கீழே தொடங்கினால், இழப்பை ஸ்டாப் விலையில் கணக்கிடாமல் தொடக்க விலையில் கணக்கிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ரீப்ளே முடிவுக்கும் நேரடி முடிவுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நாற்பது நாள் காத்திருக்க வேண்டிய இடத்தை ரீப்ளேயில் நாற்பது விநாடியில் கடக்கிறீர்கள், விலை 203 வரை திரும்பி வரும் ஒரு வாரத்தின் பயம் அதில் இல்லை. அந்தப் பகுதியை அளக்க, இன்று முடிந்த கேண்டிலுக்கு அதே தாளில் அதே வடிவில் எழுதி, நாளை சந்தை திறக்கும்வரை காத்திருங்கள். சிறிய தொகையிலோ, பணமே போடாமலோ செய்யலாம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, விதிப்படி சிக்னல் வந்தும் நேரடியில் நீங்கள் வாங்காமல் விட்ட இடங்களை முதலில் எண்ணுங்கள். அவை நிறைய இருந்தால் சிக்கல் சார்ட் படிப்பதில் இல்லை. ரிஸ்க் தொகை உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது. அதைக் குறைத்துப் பாருங்கள்.