எண்ணிட்ட மரங்களை வரிசையாக்கி எண்ணுவது

1 முதல் n வரை எண்ணிட்ட n முனைகளில் n^(n-2) மரங்கள் என்கிறார்களே, அந்த n-2 எங்கிருந்து வந்தது?

சுற்று இல்லாமல் எல்லா முனைகளையும் கோடுகளால் இணைப்பது மரம். ஒரே கோடு தொடும் முனை இலை. 1918-இல் கணிதவியலாளர் புரூஃபர் காட்டிய வழி இது: மிகச் சிறிய எண்ணுள்ள இலையை நீக்கி, அது ஒட்டியிருந்த முனையின் எண்ணை எழுத வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்து, இரண்டு முனைகள் மிஞ்சும்போது நிறுத்தலாம், அதனால்தான் n-2. கைகோத்து நிற்கும் பிள்ளைகளில் ஓரத்தில் நிற்பவன் விலக, அவன் யார் கையை விட்டான் என்று குறிப்பதுபோல. (நீக்கிய எண்ணையே எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை.)

1-4, 2-4, 4-3, 3-5 என்ற மரத்தில் 1 போனால் 4, 2 போனால் 4, இப்போது இலையாகிவிட்ட 4 போனால் 3. வரிசை (4,4,3).

திரும்பி வரவும் முடியும். வரிசையில் இல்லாத 1, 2, 5 இலைகள். அவற்றில் சிறியதான 1-ஐ முதல் எண் 4-உடன் இணைத்து, 1-ஐயும் வரிசையின் அந்த முதல் 4-ஐயும் அடித்துவிட்டு, மீதி வரிசைக்கும் அப்படியே செய்தால் கடைசியில் 3, 5 மிஞ்சும். அவற்றையும் இணைத்தால் அதே மரம். எந்த வரிசைக்கும் ஒரே மரம்தான். மூன்று இடம், இடத்துக்கு ஐந்து வாய்ப்பு: 5^3 = 125.

125 வடிவங்கள் என்று நினைக்க வேண்டாம். எண்களை அழித்துவிட்டால் 5 முனைகளில் மூன்றே வடிவங்கள்.