25,000-ல் முடியும் என்று தெரிந்தால் போதுமா?

கே: நிஃப்டி 24,900-ல் இருக்கிறது. எக்ஸ்பயரிக்கு 25,000-ல்தான் முடியும் என்று நினைக்கிறேன். பட்டர்ஃபிளை போட்டால் செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு? (தக்கலை)

எக்ஸ்பயரிக்கு நான்கு வர்த்தக நாள் இருக்கிறது என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 24,800 கால் ஆப்ஷன் ஒன்றை 205-க்கு வாங்குகிறீர்கள். 25,000 கால் இரண்டைத் தலா 105-க்கு விற்கிறீர்கள். 25,200 கால் ஒன்றை 45-க்கு வாங்குகிறீர்கள். கொடுத்தது 250, வந்தது 210. கைவிட்டுப் போனது 40 பாயிண்ட். லாட் 65 என்றால் 2,600 ரூபாய். புரோக்கரேஜ், வரி தவிர்த்து, அதிகபட்ச நஷ்டமும் அவ்வளவுதான்.

சிறகின் அகலம், அதாவது நடுவில் விற்ற விலைக்கும் ஓரத்தில் வாங்கிய விலைக்கும் உள்ள தூரம், 200. அதில் 40 போக 160 பாயிண்ட், அதாவது 10,400 ரூபாய்தான் உச்சம். அது சரியாக 25,000-ல் முடிந்தால் மட்டும். 25,050-ல் முடிந்தால் 110 பாயிண்ட். 24,840-க்குக் கீழேயும் 25,160-க்கு மேலேயும் நஷ்டம். எந்தப் பக்கம் 200 தாண்டினாலும் 40-ம் போச்சு. உங்கள் கணிப்பு 100 பாயிண்ட் பிசகும் என்று பட்டால், உச்சத்தை மறந்துவிட்டு 60 பாயிண்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கே: பட்டர்ஃபிளை போட்ட மறுநாளே டார்கெட்டைத் தொட்டுவிட்டது. ஆனால் லாபம் எட்டு பாயிண்ட்தான் காட்டுகிறது. புரோக்கர் ஏமாற்றுகிறாரா? (மார்த்தாண்டம்)

இல்லை. உங்களுக்குப் படம் காட்டியவர் ஏமாற்றியிருக்கிறார். எனக்கும் காட்டினார்கள். நாகர்கோவிலில் ஒரு ஓட்டல் அரங்கில், மதியச் சாப்பாட்டோடு நடந்த ஒருநாள் வகுப்புக்குப் பணம் கட்டினேன். திரையில் கூடாரம் மாதிரி ஒரு கூர்முனைப் படம். அது எக்ஸ்பயரி அன்று மட்டுமே அப்படி இருக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

முதல் பதிலில் உள்ள கணக்கையே எடுங்கள். மறுநாள் நிஃப்டி சரியாக 25,000. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. 24,800 கால் சுமார் 254, 25,000 கால் 130, 25,200 கால் 54 என்று இருக்கும். வாங்கியவை இரண்டும் சேர்ந்து 308, விற்றவை இரண்டும் சேர்ந்து 260. மிச்சம் 48. நீங்கள் கொடுத்தது 40. ஆக எட்டு பாயிண்ட்.

காரணம் இதுதான்: நடுவில் நீங்கள் விற்ற இரண்டு காலிலும் நேர மதிப்பு இன்னும் கரையவில்லை. அது கரையக் கரையத்தான் கூடாரம் எழும்பும், பெரும்பகுதி கடைசி நாளில். அதுவரை இன்டெக்ஸ் அங்கேயே நிற்க வேண்டும். அப்போதும், எக்ஸ்பயரி அன்று திரையில் கடைசியாக ஓடிய எண்ணை வைத்துத் தீர்ப்பதில்லை, இன்டெக்ஸின் அதிகாரப்பூர்வ முடிவு விலையை வைத்துத்தான் தீர்க்கிறார்கள். அவசரப்பட்டு முன்பே வெளியே வந்தால் நான்கு காலுக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை வித்தியாசத்தில் அந்த எட்டும் போய்விடும்.

கே: செலவைக் குறைக்க மேல் சிறகை வாங்கவில்லை. சரிதானே? (குளச்சல்)

சரியில்லை. 45 மிச்சம் பிடித்ததால் 40 கொடுப்பதற்குப் பதில் 5 கைக்கு வருகிறது, அதுதான் உங்கள் மகிழ்ச்சி. 25,600-ல் முடிந்தால் வாங்கிய கால் 800 தரும், விற்ற இரண்டும் 1,200 கேட்கும். 5-ஐக் கழித்தால் 395 பாயிண்ட் நஷ்டம், 65-ஆல் பெருக்கினால் 25,675 ரூபாய். அதற்கு மேலும் ஏறலாம், எல்லை கிடையாது. இதற்குப் பட்டர்ஃபிளை என்று பெயரே கிடையாது. அப்புறம், ஆர்டர் போடும்போது சிறகு இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு அப்புறம் விற்கவும், கேட்கும் மார்ஜினும் குறையும்.

கே: ஒரு கம்பெனிப் பங்கில் பட்டர்ஃபிளை போட்டு எக்ஸ்பயரி வரை விட்டேன். பங்கைக் கொடு என்கிறார்கள். (கருங்கல்)

கேட்பார்கள். பங்கு ஆப்ஷனுக்கு டெலிவரி உண்டு. நடு ஸ்ட்ரைக்குக்கும் மேல் ஸ்ட்ரைக்குக்கும் இடையில் முடிந்தால் ஒரு லாட் கொடுக்க வேண்டும். நிஃப்டியில் அந்தத் தொல்லை இல்லை, பணத்திலேயே தீர்ந்துவிடும்.

கே: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பட்டர்ஃபிளை போட்டு மாதம் எட்டு சதவீதம் தருவதாகச் சொன்னார். என் நகையை அடகு வைத்து அனுப்பினேன். இப்போது ஆள் பேசவில்லை. (அருமனை)

அம்மா, உங்கள் மேல் குற்றமே இல்லை. பணம் போய் அதிக நேரம் ஆகாவிட்டால் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நேரம் போகப் போகத்தான் மீட்பது கடினமாகும். வங்கிப் பரிவர்த்தனை எண், அவருடைய எண், குழுவின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வையுங்கள், அழிக்காதீர்கள். செபியில் பதிவு செய்த ஆலோசகர் எவரும் உறுதியான வருமானம் சொல்லக்கூடாது. மேலே கணக்குப் பார்த்தீர்களே, உச்சம் ஒரே ஒரு விலையில்தான் வரும். மாதாமாதம் அதை எட்டு சதவீதமாக யாரும் தர முடியாது.