விற்பனை கூடியும் லாபம் குறைவது ஏன்?

கேள்வி: திட்டமிட்டதைவிட அதிகம் விற்றோம், விலையும் மாறவில்லை. பிறகு ஏன் விற்பனை மாறுபாடு பாதகமாக வருகிறது?

மாறுபாடு என்பது திட்டமிட்டதற்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்; லாபத்தைக் குறைத்தால் அது பாதகம், கூட்டினால் சாதகம். விலை மாறாததால் விலை மாறுபாடு பூஜ்யம். காரணம் பொருட்களின் கலவையில் இருக்கிறது. பங்களிப்பு என்பது விலையில் மாறும் செலவு போக மிஞ்சும் தொகை. அலகுக்கு 20 பங்களிப்பு தரும் ‘அ’, 10 தரும் ‘ஆ’ இரண்டிலும் தலா 500 விற்கத் திட்டமிட்டு, உண்மையில் 300, 800 விற்றதாகக் கொள்வோம். மொத்தம் 100 அலகு கூடியதால், திட்டமிட்ட சராசரிப் பங்களிப்பான 15 வீதம் 1,500 சாதகம். ஆனால் விற்ற 1,100 அலகுகளைத் திட்ட விகிதத்தில் பிரித்தால் தலா 550 வர வேண்டும். ‘அ’ 250 குறைந்ததால் 5,000 இழப்பு, ‘ஆ’ 250 கூடியதால் 2,500 ஈடு, ஆகவே கலவை மாறுபாடு 2,500 பாதகம். இரண்டும் சேர்ந்த விற்பனை அளவு மாறுபாடு 1,000 பாதகம். ஒன்றுக்கொன்று மாற்றாக வாங்கப்படாத பொருட்களுக்கு இந்தக் கலவைக் கணக்கு, என் பார்வையில், பெரிதாக எதையும் சொல்லாது.